எதிர்பாராத நேரத்தில் மணி அடித்தால்: மலையக வீடுகளுக்கான கேள்வி பதில்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கத்து வீடுகளுக்கு அழைப்பு மணியும் இன்டர்காமும் பூட்டிக் கொடுப்பது என் தொழில். வயர் இழுத்து, மணி அடித்துப் பார்த்து, காசு வாங்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில்தான் வீட்டு ஆட்கள் உண்மையான கேள்வியைக் கேட்பார்கள்: "தம்பி, தெரியாத ஆள் வந்து அடிச்சா என்ன சொல்றது?" திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

யாரென்று தெரியாத ஆள் மணி அடித்தால், சத்தம் போடாமல் உள்ளேயே இருந்துவிடலாமா?

இருக்க வேண்டாம். பதில் குரல் கொடுங்கள், கதவை மட்டும் திறக்காதீர்கள்.

திருட வருகிறவன் முதலில் செய்வது மணி அடித்துப் பார்ப்பதுதான். இரண்டு மூன்று தரம் அடித்தும் சத்தமே வராவிட்டால் வீடு காலி என்று முடிவு செய்து பின்பக்கம் போவான். நம் பக்கம் காலை எட்டு மணிக்குப் பிறகு பாதி வீடுகள் உண்மையிலேயே காலிதான். கொழுந்துக்குப் போனவர்கள், டவுனில் வேலைக்குப் போனவர்கள், பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் என்று எல்லாரும் வெளியே. அந்த நேரம் உள்ளே இருக்கும் ஒரு பாட்டியோ, கைக்குழந்தைக்காரியோ மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தால், வந்தவன் உள்ளே ஆள் இருப்பது தெரியாமலே பின்கதவை நெம்பத் தொடங்குவான். எல்லாவற்றிலும் ஆபத்தானது அந்தச் சந்திப்புதான்.

ஆகவே மணி அடித்த சில நொடிக்குள் உள்ளிருந்து ஒரு குரல் போகட்டும். "இருங்க, வாறோம்" என்று பன்மையில் சொல்லுங்கள். தனியாக இருந்தாலும் அப்படியே. நல்ல மனதோடு வந்தவருக்கும் இது ஆறுதல், மழையில் நின்று திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியதில்லை.

இன்டர்காமை எடுத்ததும் முதலில் என்ன கேட்பது? "யாருடா அது" என்று கேட்கவும் முடியவில்லை, "வாங்க வாங்க" என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

"வணக்கம், யாரு பேசுறது? எங்க இருந்து வாறீங்க?" இது போதும். இதில் மரியாதையும் இருக்கிறது, கேட்க வேண்டிய இரண்டு கேள்வியும் இருக்கிறது. சிங்களத்தில் பேசுகிறவராக இருந்தால் வெறும் "கவுத?" கொஞ்சம் வெட்டென்று இருக்கும். "கவுத மஹத்தயா?" என்றால் சரியாக இருக்கும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் "பொட்டக் இன்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஆளைக் கூப்பிடலாம், போன் எடுக்கலாம்.

இதில் நம் ஆட்கள் அடிக்கடி தவறுவது ஒரு இடத்தில். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே பதிலையும் நாமே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். "யாரு, செல்வம் அண்ணனா?" என்று கேட்டால், "ஆமா" என்று சொல்வது யாருக்கும் சுலபம். "கரண்ட் ஆபீஸா?" என்றாலும் அப்படித்தான். நீங்கள் பெயரைச் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும். குரல் தெரிந்த குரல் போலவே இருந்தாலும், மலிவான இன்டர்காம் ஸ்பீக்கரில் எல்லாக் குரலும் மூக்கடைத்த மாதிரிதான் கேட்கும், அதை நம்ப முடியாது.

இன்னொன்று. "ஐயா வீட்டுல இருக்காரா?" என்று கேட்டால், "இல்லீங்க, கொழும்புக்குப் போயிட்டாரு, வெள்ளிக்கிழமைதான் வருவாரு" என்று முழு விவரமும் சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வெள்ளந்தியான பழக்கம். ஆனால் வீட்டில் ஆம்பளை ஆள் இல்லை, எத்தனை நாளைக்கு இல்லை என்று தெரியாதவரிடம் அறிவித்தாகிவிட்டது. "என்ன விஷயமா வந்தீங்க? சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்" என்று கேட்டாலே போதும். இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, பொய்யும் இல்லை.

வெளியே நிற்க வைத்துப் பேசினால் மரியாதை இல்லையென்று நினைக்க மாட்டார்களா? அதுவும் இந்த மழையில்.

நினைப்பார்கள், முகம் கொடுக்காமல் பேசினால். முகம் கொடுத்துப் பேசினால் பெரும்பாலும் யாரும் தப்பாக எடுப்பதில்லை.

இதற்கு வீட்டின் அமைப்பு பெரிய உதவி. நம் பழைய வீடுகளில் இஸ்தோப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது இதற்கென்றே கட்டியது மாதிரி. வெளியே கூரைக்குக் கீழே நிற்கலாம், வீட்டுக்குள் வந்ததாகவும் ஆகாது. புதுவீடு கட்டுகிறவர்கள் அதை அடைத்து அறையாக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யும்போது முன் கதவுக்கு மேலே மூன்றடியாவது தகரம் இறக்கச் சொல்லுவேன். வந்தவர் நனையாமல் நின்றால், உள்ளே விட வேண்டும் என்ற சங்கடம் பாதி தீர்ந்துவிடும்.

முன் கதவுக்கு வெளியே ஒரு கிரில் கதவு இருந்தால் இன்னும் நல்லது. கிரில்லைப் பூட்டி வைத்துவிட்டு உள் மரக்கதவைத் தாராளமாகத் திறந்து, நேருக்கு நேர் பார்த்துப் பேசலாம். ஒரு பிளாஸ்டிக் கதிரையை கிரில்லுக்கு வெளியே போட்டு வையுங்கள். "உட்காருங்க, தண்ணி கொண்டு வாறேன்" என்று சொல்லி, கம்பி இடைவெளியில் ஒரு கிளாஸ் தண்ணீரோ பிளேன்டீயோ நீட்டினால், வயதானவர் கூட மனம் நோகாமல் இருந்து பேசிவிட்டுப் போவார்.

கதவுச் சங்கிலியை மட்டும் நம்பாதீர்கள். கடையில் விற்கும் சங்கிலியோடு வருகிற ஆணிகள் சின்னவை, ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர்தான் சட்டத்துக்குள் இறங்கும். நம் ஈரத்தில் கதவுச் சட்டம் ஊறிப் போயிருந்தால் ஒரு உதையில் பிடுங்கிக்கொண்டு வரும். சங்கிலி போட்டுக் கதவைத் திறப்பது, பூட்டைத் திறந்ததற்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"கேஸ் கம்பெனியில இருந்து வாறோம், ரெகுலேட்டர் செக் பண்ணணும்" என்று யூனிபோம் போட்ட இரண்டு பேர் வந்தால்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒன்றைச் சமாளிக்கத் தெரிந்தால் மற்ற எல்லாமே இதே வழிதான்.

2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த சம்பவங்கள் யாருக்கும் மறக்காது. அந்தப் பயம் இன்னும் அடுப்படியில் இருக்கிறது. அதனால் "லீக் இருக்கான்னு பார்க்க வந்தோம்" என்ற வார்த்தைக்கு மட்டும் நாம் உடனே கதவைத் திறந்துவிடுவோம். வந்தவர்கள் உள்ளே போய், சோப்பு நுரை தடவிக் காட்டி, "பாருங்க, குமிழி வருது, இப்பவே மாத்தணும்" என்று சொல்லி, கொண்டுவந்த ரெகுலேட்டரையும் டியூபையும் கடை விலையை விட இரண்டு மூன்று மடங்குக்கு விற்றுவிட்டுப் போகலாம். அதோடு போனால் அதிர்ஷ்டம். இரண்டு பேரில் ஒருவர் அடுப்படியில் பேச்சுக் கொடுக்க, மற்றவர் அறைகளை நோட்டம் விடவும் வழி உண்டு.

இப்படி வைத்துக்கொள்வோம். மாலை ஐந்தரை மணி, தூறல். வீட்டில் பாட்டியும் பதினாலு வயதுப் பேத்தியும் மட்டும். மணி அடிக்கிறது. பேத்தி இன்டர்காமை எடுக்கிறாள்.

"வணக்கம், யாரு? எங்க இருந்து வாறீங்க?"

"கேஸ் கம்பெனி, தங்கச்சி. இந்த ரோட்டுல எல்லா வீட்டுலயும் ரெகுலேட்டர் செக் பண்றோம். கதவத் திறங்க, அஞ்சு நிமிஷம்தான்."

"சரிங்க அண்ணே, உங்க பேர் என்ன? ஐடி கார்டக் கொஞ்சம் கேமராவுக்கு நேரா காட்டுங்க."

அட்டை காட்டினால் நல்லது. ஆனால் அட்டை மட்டும் போதாது. ஒரு படமும் முத்திரையும் வைத்து அட்டை அடித்துக்கொள்வது இன்று பெரிய வேலையில்லை. அட்டையில் இருக்கும் பெயரைக் குறித்துக்கொள்வதற்காகத்தான் அதைக் கேட்பது.

"நாங்க வழக்கமா கேஸ் எடுக்கிற கடைக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுட்டுச் சொல்றேன். அது வரைக்கும் அந்தக் கூரைக்குக் கீழே நில்லுங்க அண்ணே, நனையாதீங்க."

முக்கியமான வேலை இதுதான். வந்தவர் கொடுக்கும் நம்பருக்கு எடுக்காதீர்கள். "இந்தாங்க, எங்க மேனேஜர்ட நம்பர், பேசிப் பாருங்க" என்று நீட்டினால், அந்தப் பக்கம் எடுப்பது அவருடைய கூட்டாளியாகக்கூட இருக்கலாம். உங்கள் போனில் முன்பே இருக்கும் கடைக்காரருக்கு எடுங்கள். அவருக்கு மாதா மாதம் சிலிண்டர் கொண்டு வரும் லொறிக்காரர்களைத் தெரியும், கம்பெனி ஆட்கள் ஊருக்குள் வந்திருந்தால் அதுவும் தெரியும். இல்லாவிட்டால் பழைய பில்லிலோ சிலிண்டரிலோ அச்சடித்திருக்கும் நம்பர் இருக்கிறது.

இந்த இடத்தில் வந்தவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பாருங்கள். உண்மையான ஆளுக்கு இது பழகிய விஷயம், "சரி, கேளுங்க" என்று நின்றுகொள்வார், அல்லது "பிறகு வாறோம்" என்று போய்விடுவார். பொய்யானவர் அவசரப்படுத்துவார். "எங்களுக்கு நேரமில்ல", "பக்கத்து வீட்டுல எல்லாம் பார்த்தாச்சு", "வெடிச்சா நாங்க பொறுப்பில்ல" என்று பயமும் கோபமும் மாறி மாறி வரும். நீங்கள் விசாரிக்கிறீர்கள் என்பதற்காகக் கோபப்படுகிற ஆளை உள்ளே விட ஒரு காரணமும் கிடையாது.

கடைக்காரர் போன் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பதில் இருக்கிறது: "அப்பா வந்த பிறகு பார்த்துக்கிறோம், நாளைக்குப் பகல்ல வாங்க." உண்மையிலேயே லீக் என்று சந்தேகம் வந்தால் சிலிண்டர் வால்வை நீங்களே மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து கடைக்காரரைக் கூப்பிடலாம். அதற்கு வாசலில் நிற்கிற அந்நியர் தேவையில்லை.

பேத்தி கடைசியாகச் சொல்ல வேண்டியது: "கோவிச்சுக்காதீங்க அண்ணே, வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லி வச்சிருக்காங்க." அண்ணே என்ற வார்த்தையும் போகவில்லை, கதவும் திறக்கவில்லை.

உண்மையாகவே அரசாங்க ஆட்களும் வருவார்களே, அவர்களை எப்படித் தெரிந்துகொள்வது?

மீட்டர் வாசிக்க வருகிறவர் வீட்டுக்குள் வர வேண்டிய தேவையே இல்லை. பெரும்பாலான வீடுகளில் மீட்டர் வெளிச்சுவரில் இருக்கும். பார்த்து, பில்லைக் கொடுத்துவிட்டுப் போவார். வாசலில் காசு கேட்பது அவர் வேலையில்லை. "லைன் வெட்ட வந்திருக்கோம், இப்பவே கட்டினா விட்டுடுறோம்" என்று யாராவது சொன்னால், உங்கள் பில்லில் இருக்கும் கணக்கிலக்கத்தை அவரைச் சொல்லச் சொல்லுங்கள். கையில் உத்தரவு இருக்கிறவருக்கு அது தெரிந்திருக்கும். அதன் பிறகும் காசைக் கையில் கொடுக்காமல் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ விஷயம் வேறு. நுளம்பு பெருகும் இடங்களைப் பார்க்க வளவுக்குள் வர அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு இருக்கிறது. அவர்களைத் தடுக்க வேண்டாம், ஆனால் அடையாள அட்டையைக் கேட்பதில் தப்பில்லை. அவர்கள் பார்க்க வருவது தண்ணீர் தேங்கும் பீலி, டயர், பூச்சாடி, தொட்டி. அதனால் தோட்டத்துப் பக்கமாகக் கூட்டிப் போய்க் காட்டலாம். படுக்கையறைக்குள் போக வேண்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

மிட்வைஃப் நோனாவையும் கிராம சேவகரையும் ஊரில் எல்லாருக்கும் முகம் தெரியும். புதிதாக மாற்றலாகி வந்தவர் என்றால், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாலே தெரிந்துவிடும்.

ஓடர் பண்ணாத பார்சலைக் கொண்டுவந்து காசு கேட்கிறார்கள். பாவம், தூரத்திலிருந்து பைக்கில் வந்த பையன்...

பையன் பாவம்தான், அவன்மேல் கோபப்படாதீர்கள். ஆனால் பார்சலை வாங்காதீர்கள். யாரோ உங்கள் பெயரும் நம்பரும் எடுத்து, எதையோ அனுப்பி, காசை வாசலில் கறக்கப் பார்க்கும் வேலை இது. வீட்டில் ஒருவருக்கொருவர் "நீ ஓடர் பண்ணியிருப்பே" என்று நினைத்துக் கொடுத்துவிடுவோம் என்பதுதான் அவர்கள் கணக்கு. "கொஞ்சம் இருங்க தம்பி" என்று சொல்லி வீட்டில் எல்லாருக்கும் போன் போட்டுக் கேளுங்கள். யாரும் ஓடர் பண்ணவில்லையென்றால் "இது எங்களோடது இல்ல, திருப்பி அனுப்பிடுங்க" என்று சொன்னால் அவனுக்கு அதற்கென்று ஒரு வழி இருக்கிறது, கையிலிருந்து காசு போகாது. போனுக்கு வந்த எந்த இலக்கத்தையும் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

கோயில் திருவிழாவுக்கு, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார்களே?

நம் கோயில் என்றால் கமிட்டியில் ஒருவரையாவது தெரிந்திருக்கும். தெரியாத ஊர்க் கோயில் என்றால் ரசீது கேளுங்கள், தலைவர் பெயரைக் கேளுங்கள், "நான் அங்க நேர்ல வந்து போடுறேன்" என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிக் கேட்பவருக்கு மனமிருந்தால் ஏதாவது கொடுங்கள், கொடுப்பதென்றால் கிரில் வழியாக. கொடுப்பதற்காக உள்ளே போய் அலுமாரியைத் திறக்கும்போது முன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகாதீர்கள். வாசலுக்குப் பக்கத்தில் சில்லறை வைத்துக்கொள்வது வசதி.

கேமரா மணி பூட்டினோம். ராத்திரியில் திரை முழுக்க வெள்ளையாகத்தான் தெரிகிறது, ஆளே தெரியவில்லை. கெட்டுப் போய்விட்டதா?

கெடவில்லை, பனி மூட்டம். கேமராவின் கண்ணைச் சுற்றி இருட்டில் பார்ப்பதற்காகச் சின்னச் சின்ன அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும். நம் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். மூட்டம் இறங்கினால் காற்றில் நிற்கும் நீர்த்துளிகள் அந்த வெளிச்சத்தை அப்படியே கேமராவுக்கே திருப்பி அடிக்கின்றன. முன்னால் நிற்கும் ஆளுக்குப் பதிலாக மூட்டம்தான் படமாகிறது. கொழும்பில் இந்தப் பிரச்சினை அவ்வளவு வராது. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் மழைக்காலத்தில் அடிக்கடி வரும்.

செட்டிங்கில் இரவு அகச்சிவப்பை நிறுத்திவிட்டு, வாசலுக்கு ஒரு சாதாரண பல்ப் போடுங்கள். பல்ப் கேமராவுக்குப் பக்கத்திலேயே இருந்தால் இதே கதைதான். குறைந்தது ஒரு மீட்டராவது தள்ளி, பக்கவாட்டிலிருந்து ஆளின் முகத்தில் விழுகிற மாதிரி இருக்க வேண்டும். சுவிட்ச் வீட்டுக்குள், இன்டர்காமுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மணி அடித்ததும் முதல் வேலை வெளி விளக்கைப் போடுவது, கூடவே உள்ளே ஹோல் விளக்கை அணைப்பது. உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டுமாக இருந்தால், ஜன்னல் வழியாக அவருக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள், உங்களுக்கு அவர் தெரியமாட்டார்.

காலையில் கண்ணாடி மங்கலாக இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம் கட்டியிருந்தால் துடைத்துப் பயனில்லை. பின்னால் வயர் நுழையும் ஓட்டை வழியாகத் தண்ணீர் போகிறது என்று அர்த்தம், அதைக் கழற்றிக் காய வைத்து சிலிக்கன் வைத்து அடைக்க வேண்டும்.

கரண்ட் போனால் பல இன்டர்காம்கள் அப்படியே செத்துவிடும். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டியபோது பலர் இதைக் கண்டுகொண்டார்கள். அப்போது ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் நின்று பேசுங்கள், கதவுக்கு நேரே நிற்காதீர்கள்.

மணி அடிக்கிறது, போய்ப் பார்த்தால் யாருமே இல்லை. யாரோ நோட்டம் பார்க்கிறார்களா?

முதலில் மணியைச் சந்தேகப்படுங்கள். வயர் இல்லாத மலிவு மணிகளில், உங்கள் வீட்டுக்கும் நாலு வீடு தள்ளி இருப்பவருக்கும் ஒரே மொடல் இருந்தால், அவர் வீட்டுப் பொத்தானை அமுக்க உங்கள் வீட்டில் அடிக்கும். பொத்தானுக்குள் ஈரம் போனாலும் தானாக அடிக்கும், அது பெரும்பாலும் கன மழைக்குப் பிறகுதான் வரும். பொத்தானுக்குள் இருக்கும் பெட்டரியை ஓர் இரவு கழற்றி வைத்துப் பாருங்கள். அப்போதும் அடித்தால் அது அயல்வீட்டுப் பொத்தான், பெட்டியோடு வந்த தாளில் சொன்னபடி மறுபடி ஜோடி சேர்த்தால் சரியாகிவிடும். கழற்றியதும் நின்றுவிட்டால் உங்கள் பொத்தானில்தான் கோளாறு.

மணியில் கோளாறு இல்லை, பகலில் ஒரே நேரத்துக்கு இரண்டு மூன்று நாள் அடிக்கிறது என்றால், அதை அயலாரிடம் சொல்லி வையுங்கள்.

நடு ராத்திரி கதவைத் தட்டினால் திறக்கவே கூடாதா?

இதற்கு மட்டும் "கூடாது" என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியாது. மலையில் இருக்கிறோம்.

பகலில் என்ன விதியோ அதே விதி ராத்திரியிலும்: உடனே குரல் கொடுங்கள், வெளி விளக்கைப் போடுங்கள், ஜன்னலிலிருந்து கேளுங்கள். "வண்டி கவிழ்ந்துடுச்சு, ஆளுக்கு அடிபட்டிருக்கு" என்று சொன்னால், கதவைத் திறக்காமலே செய்யக்கூடிய உதவி நிறைய இருக்கிறது. 1990க்கு எடுத்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். வீட்டிலிருந்தபடியே எடுத்து இடத்தைச் சொல்லுங்கள், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த வளைவு என்று. கம்பளியையும் தண்ணீர்ப் போத்தலையும் ஜன்னல் வழியாகக் கொடுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டு ஆட்களைப் போனில் எழுப்பி, நாலு பேராகச் சேர்ந்து வெளியே வாருங்கள். உண்மையான விபத்தாக இருந்தால் நாலு பேர் வந்ததில் அவர்களுக்கு நன்மைதான். வேறு எண்ணத்தோடு வந்தவர்களாக இருந்தால் நாலு பேரைக் கண்டதும் போய்விடுவார்கள்.

ஆனால் தொடர் மழைக்காலத்தில் தட்டுவது வேறு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியில் எச்சரிக்கை விடும். சிவப்பு என்றால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும். அந்த அறிவிப்பு எல்லாருடைய போனுக்கும் நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. டவர் போயிருக்கும், சார்ஜ் இருக்காது. தோட்டத் தலைவரோ, கிராம சேவகரோ, மேல் லயத்துப் பையனோ வந்து கதவைத் தட்டித்தான் சொல்லுவார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நினைத்தால், மழை இரவில் வருகிற தட்டலுக்குக் காது கொடுக்காமல் படுத்திருக்க முடியாது.

ஆகவே உங்கள் பகுதிக்கு எச்சரிக்கை இருக்கும் நாட்களில் அடையாளம் கேட்டு நேரத்தைக் கடத்த வேண்டாம். "மண் சரியுது, வெளிய வாங்க" என்று யார் கத்தினாலும் எழுந்து பாருங்கள். அக்கம் பக்கத்திலும் சத்தம் கேட்கிறதா, மற்ற வீடுகளிலும் விளக்கு எரிகிறதா என்று ஒரு நொடி பார்த்தால் போதும். உண்மையான எச்சரிக்கை ஒரு வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. சுவரில் புது வெடிப்பு, கதவு திடீரென்று சட்டத்தில் இறுகுவது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் அந்த நொடியும் வேண்டாம். விசாரிக்க வேண்டுமென்றால் வெளியே வந்த பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக்கொள்ளலாம்.

பொலிஸ் என்று சொல்லி சிவில் உடையில் வந்தால்?

பணிவாகப் பேசுங்கள், பெயரையும் எந்தப் பொலிஸ் நிலையம் என்பதையும் கேளுங்கள், அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த நிலையத்துக்கோ 119க்கோ எடுத்து, இந்தப் பெயரில் ஆள் அனுப்பியிருக்கிறார்களா என்று கேட்கலாம். "சேர், ஒரு நிமிஷம், ஸ்டேஷனுக்குக் கேட்டுட்டுத் திறக்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒளிகிறீர்கள் என்று நினைக்க மாட்டார்கள். உறுதியான பிறகு தாமதிக்க வேண்டாம். யாரையாவது கைது செய்வதென்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். பெண்ணை உடற்சோதனை செய்வதென்றால் பெண் பொலிஸ்தான் செய்ய வேண்டும்.

எங்கள் லயத்தில் மணியும் இல்லை, இன்டர்காமும் இல்லை. ஆட்கள் நேரே வந்து "அக்கா" என்று கூப்பிடுகிறார்கள்.

பக்கத்துக் காம்பரா ஆட்கள்தான் உங்கள் இன்டர்காம். புது ஆள் வந்தால் நீங்கள் பதில் சொல்லும்போதே கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்: "யாரு? எங்க இருந்து வாறீங்க? யாரத் தேடுறீங்க?" அடுத்த வீட்டிலும் கேட்கும், அங்கிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். வேலைநாள் பகலில் லயத்தில் எந்தெந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் காலையிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது நல்லது. உள்ளிருந்து கொண்டி போட்டிருந்தால் ஜன்னலைத் திறந்து பேசலாம்.

பிள்ளைகள் தனியாக இருக்கும்போது மணி அடித்தால் என்ன சொல்லச் சொல்வது?

சின்னப் பிள்ளையிடம் பெரிய பேச்சுவார்த்தையை விடாதீர்கள். ஒரே ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள்: "அம்மா குளிக்கிறாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க." சொல்லிவிட்டு உங்களுக்கு போன் எடுக்க வேண்டும். பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்க மனம் வராதவர்கள், "அம்மா இப்ப வர முடியாது" என்று மட்டும் சொல்லச் சொல்லலாம். அதற்கு மேல் எந்தக் கேள்விக்கும் பதில் தேவையில்லை. "நான் உங்க அப்பாட பிரெண்ட்" என்றாலும், அப்பா பெயரைச் சரியாகச் சொன்னாலும் கதவு திறக்கக் கூடாது. அப்பா பெயரைப் பக்கத்துக் கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள் என்பதைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லுங்கள். வயது வந்த பிள்ளைகளுக்கு மேலே சொன்ன கேஸ் கதையை நடித்துக் காட்டி, ஒரு தரம் நீங்கள் வெளியே நின்று மணி அடித்துப் பேச வைத்துப் பாருங்கள்.

காது மந்தமான பெரியவர்களுக்கு இன்டர்காம் பயன்படாது. மணி அடித்தால் விளக்கும் எரிகிற மாதிரி ஒரு பெட்டி பூட்டிக் கொடுக்கலாம், கிரில் எப்போதும் பூட்டியே இருக்கட்டும்.

முன்கூட்டிச் சொல்லாமல் வந்த சொந்தக்காரரை இப்படி விசாரித்துவிட்டேன். கோபித்துக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார். என்ன செய்வது?

குரலும் முகமும் உறுதியான அந்த நொடியே கதவைத் திறந்து வெளியே போய்க் கூட்டி வாருங்கள். கிரில்லுக்குள் நின்றுகொண்டே "சித்தப்பாவா, வாங்க" என்று சொல்லாதீர்கள். பையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். "இருட்டுல ஆள் தெரியல சித்தப்பா, இப்ப எல்லாருக்கும் இப்படிக் கேட்டுட்டுத்தான் திறக்கிறோம்" என்று காரணத்தை ஒரே தரம் சொல்லி, பேச்சை அதோடு விட்டு, அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வையுங்கள். அவர் போகும்போது உங்கள் போன் நம்பரை அவர் போனில் போட்டுக் கொடுங்கள், அடுத்த தரம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே ஒரு கோல் எடுப்பார்.